சாய்தளத்தில் ஏறும் வட்டத்தட்டு: உராய்வு தடுக்கிறதா, தூக்கிவிடுகிறதா?

11ஆம் வகுப்பு இயற்பியலில் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும் கணக்கு இது. ஒரு திண்ம வட்டத்தட்டு நழுவாமல் உருண்டு வந்து 30° சாய்தளத்தில் ஏறத் தொடங்குகிறது. அடிவாரத்தில் அதன் மையத்தின் வேகம் 2 m/s. சாய்தளத்தின் வழியே அது எவ்வளவு தூரம் ஏறி நிற்கும்?

விடைத்தாள்களில் 41 செ.மீ., 31 செ.மீ., 61 செ.மீ. என்று மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வரும். சரியான விடை 61 செ.மீ. செங்குத்து உயரத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சாய்தளத்தின் நீளமாக மாற்ற மறந்தவர்கள் 31 எழுதுகிறார்கள். அது அவசரத்தில் வரும் பிழை, ஒரு முறை சுட்டிக்காட்டினால் சரியாகிவிடும். 41 அப்படியல்ல. அதற்குப் பின்னால் உராய்வைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், அடுத்த கணக்கிலும் அதே பிழை வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

முதலில் நேர்வழியைப் பார்த்துவிடுவோம். உருளும் வட்டத்தட்டிடம் இரண்டு வகை இயக்க ஆற்றல் உண்டு. மையம் முன்னோக்கி நகர்வதால் வருவது ½mv². மையத்தைச் சுற்றிச் சுழல்வதால் வருவது ½Iω². திண்ம வட்டத்தட்டின் நிலைமத் திருப்புத்திறன் I = ½mR². நழுவாமல் உருள்வதால் v = Rω. ஆகவே சுழற்சி ஆற்றல் ¼mv² ஆகிறது. இரண்டையும் கூட்டினால் ¾mv². உச்சியில் மையமும் நிற்கிறது, சுழற்சியும் நிற்கிறது. இந்த ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறிவிடுகிறது.

```
¾ m v² = m g h
h = 3v² / 4g
s = h / sinθ = 3v² / (4 g sinθ)
```

v = 2, g = 9.8, sin 30° = 0.5 என்று போட்டால் h = 0.306 மீ, s = 0.612 மீ. நிறையும் ஆரமும் அடிபட்டுப் போகின்றன. கைக்குள் அடங்கும் மரத்தட்டும் கனமான இரும்புத் தட்டும் ஒரே வேகத்தில் வந்தால் ஒரே தூரம்தான் ஏறும். வடிவம் மாறினால்தான் விடை மாறும். மெல்லிய வளையத்துக்கு h = v²/g, திண்மக் கோளத்துக்கு h = 7v²/10g.

சுழற்சி ஆற்றலை விட்டுவிட்டு ½mv² = mgh என்று எழுதினால் h = 0.204 மீ, s = 0.408 மீ வரும். 41 வருவது இப்படித்தான். இந்த எண்ணை முழுக்கத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. உராய்வே இல்லாத, எண்ணெய் தடவிய கண்ணாடி போன்ற சாய்தளமாக இருந்தால் அதே வட்டத்தட்டு உண்மையிலேயே 41 செ.மீ.தான் ஏறும். சுழற்சி அங்கே இல்லாமல் போவதில்லை. 5 செ.மீ. ஆரமுள்ள தட்டு என்றால் நொடிக்கு 40 ரேடியன், அதாவது ஆறு சுற்றுக்கும் சற்று மேல், உச்சியிலும் அப்படியே சுழன்றுகொண்டிருக்கும். அந்த ஆற்றலை உயரமாக மாற்ற வழி இல்லை என்பதுதான் சிக்கல்.

ஆக, உராய்வு இல்லாவிட்டால் 41, பிடிமானம் இருந்தால் 61. உராய்வு இருக்கும் தளத்தில்தான் தட்டு அதிக தூரம் ஏறுகிறது. பல மாணவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள். ஆசிரியர் இங்கே கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்" என்று கீழ் வகுப்பில் படித்தது மனதில் ஊறிப்போயிருக்கிறது. தட்டு மேலே போகிறது, ஆகவே உராய்வு கீழ்நோக்கி என்று படத்தில் அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். உராய்வு எதிர்ப்பது தொடுபுள்ளி நழுவுவதை. தட்டு மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்பதை அல்ல. திசையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: தட்டின் சுழற்சியைக் குறைப்பது எது? ஈர்ப்பு விசை மையத்தின் வழியே செல்கிறது. தளம் தரும் செங்குத்து விசையும் மையத்தின் வழியே செல்கிறது. இரண்டாலும் மையத்தைப் பொறுத்துத் திருப்பு விசை கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது உராய்வு மட்டும்தான். மேலே ஏற ஏற மையத்தின் வேகம் குறைகிறது. நழுவாமல் உருள வேண்டுமென்றால் சுழற்சியும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். தட்டின் அடிப்பகுதியில் செயல்படும் ஒரு விசை சுழற்சியைக் குறைக்க வேண்டுமானால், அது சாய்தளத்தின் மேல்நோக்கியே இருந்தாக வேண்டும். சுழற்சியை மெதுவாக்கும் அதே விசை மையத்தை மேலே தள்ளவும் செய்கிறது. சுழற்சியில் இருந்த ¼mv² உயரமாக மாறுவது இந்த வழியில்தான்.

சமன்பாடாக எழுதினால் இதன் அளவும் கிடைத்துவிடும்.

```
m g sinθ − f = m a
f R = ½ m R² α ,   a = R α
f = ⅓ m g sinθ ,   a = ⅔ g sinθ
```

a = 3.27 m/s² என்று வரும். v² = 2as-இல் போட்டால் மறுபடியும் 0.612 மீ. ஆற்றல் வழியும் விசை வழியும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்ப்பது நல்ல பழக்கம். உராய்வைத் தவறாகக் கீழ்நோக்கிப் போட்டவர்களுக்கு இரண்டு விடைகளும் ஒத்துப்போகாது. பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு பொறி இங்கே இருக்கிறது. f என்று வந்தவுடன் சிலர் அதற்குப் பதிலாக μmg cosθ என்று எழுதிவிடுவார்கள். இது நிலை உராய்வு. தேவையான அளவுதான் அது செயல்படும்; μ பெருக்கல் செங்குத்து விசை என்பது அதன் உச்சவரம்பு மட்டுமே. தொடுபுள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருப்பதால் இந்த உராய்வு வெப்பமாக எதையும் வீணாக்குவதுமில்லை. தேவைப்படும் ⅓mg sinθ அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும், அதாவது μ குறைந்தது ⅓tanθ இருக்க வேண்டும். 30° சாய்வுக்கு இது 0.19.

μ அதைவிடக் குறைந்தால்? 0.1 என்று வைத்துக்கொள்வோம். இப்போது தட்டு நழுவுகிறது, ஆகவே இயக்க உராய்வாகிய μmg cosθ-ஐ இங்கே தாராளமாகப் போடலாம். அதன் திசை இப்போதும் மேல்நோக்கியே. மையத்தின் வேகக்குறைவு 9.8 × (0.5 − 0.1 × 0.866) = 4.05 m/s². ஏறும் தூரம் 49 செ.மீ. உச்சியில் மையம் நின்றுவிட்டாலும் விளிம்பு சுமார் 1.16 m/s வேகத்தில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். μ பூச்சியத்திலிருந்து 0.19 வரை கூடக் கூடத் தூரம் 41-லிருந்து 61 வரை ஏறுகிறது. அதற்குமேல் தளத்தை எவ்வளவு சொரசொரப்பாக்கினாலும் ஒரு செ.மீ. கூடக் கூடாது.

இதைச் செய்முறையாகச் செய்து பார்க்கும் பள்ளிகளுக்குச் சில எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். தட்டை ஒரு சாய்தளத்திலிருந்து உருட்டிவிட்டு எதிர்ச் சாய்தளத்தில் ஏறவிடுவது பலரும் செய்வது. பிடிமானம் உள்ள தளங்களில் அது புறப்பட்ட உயரத்துக்கு அருகில் வந்து நிற்கும். தட்டோ வளையமோ கோளமோ, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆகவே ¾ என்ற எண்ணை அது சோதிக்கவே இல்லை. தொடக்க வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். தரையில் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, கைப்பேசியின் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்தால், 2 m/s வேகத்துக்கு 48 படங்கள் வரும். ஒரு படம் பிசகினால் வேகத்தில் 2%, தூரத்தில் 4% பிசகும். 20 செ.மீ. இடைவெளி என்றால் இந்தப் பிழை இரட்டிப்பாகிவிடும்.

அதைவிடப் பெரிய பிழை அடிவார மூலையில் ஒளிந்திருக்கிறது. தரையும் பலகையும் கூர்மையாகச் சேரும் இடத்தில் தட்டு பலகையை இடிக்கிறது. பலகைக்குச் செங்குத்தான வேகக்கூறு அந்த இடியில் போய்விடுகிறது. புதிய தொடுபுள்ளியைப் பொறுத்துக் கோண உந்தம் மாறாது என்று எழுதினால், துள்ளாமலும் நழுவாமலும் ஏறும் வட்டத்தட்டுக்கு இடிக்குப் பிந்தைய வேகம் இப்படி வரும்:

```
v' = v (1 + 2cosθ) / 3
```

30°-க்கு v' = 1.82 m/s. ஏறும் தூரம் 61-லிருந்து 51 செ.மீ.க்கு இறங்கிவிடும். பத்து செ.மீ. குறைந்ததும் "உராய்வால் ஆற்றல் இழப்பு" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். காரணம் உராய்வல்ல, இடி. 10° சாய்வில் இதே இழப்பு 2% மட்டுமே. ஆகவே பலகையைத் தாழ்வாக வைப்பதே எளிய தீர்வு. 30°தான் வேண்டுமென்றால் மூலையில் கெட்டி அட்டையை வளைத்து ஒட்டுங்கள். அந்த வளைவின் ஆரம் தட்டின் ஆரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு இரண்டு இடத்தில் தொட்டு மறுபடியும் இடிக்கும். உயரத்தை எப்போதும் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அளந்த தூரம் 50 செ.மீ. பக்கம் வந்தால் காரணம் மூலையின் இடியா, பலகையின் வழுவழுப்பா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது; இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தைத் தருகின்றன. தட்டின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு, வீடியோவில் உச்சிக் கணத்தை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். மையம் நிற்கும் படத்தில் கோடும் நின்றுவிட்டால் தட்டு நழுவவில்லை, மூலையைச் சரிசெய்ய வேண்டும். மையம் நின்ற பிறகும் கோடு சுற்றிக்கொண்டிருந்தால் பலகையின் மேல் உப்புத்தாள் ஒட்ட வேண்டும்.