ரஷ்யாவுக்குப் போகும் பண்ருட்டி முந்திரி: இன்வாய்ஸ் மொழிபெயர்ப்பில் எதை மாற்றக் கூடாது?

ரஷ்யா உள்ளிட்ட யூரேசியப் பொருளாதார ஒன்றிய நாடுகளின் சுங்கச் சட்டத்தொகுப்பு 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஆவணங்களை ஆங்கிலத்தில் கொடுக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பு கேட்க அங்குள்ள சுங்கத்துறைக்கு உரிமை உண்டு. அதனால் சரக்கு கிளம்பும்போதே ரஷ்ய மொழிபெயர்ப்பையும் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

பண்ருட்டி முழு முந்திரிப் பருப்பு ஒரு இருபது அடி கன்டெய்னரில் போவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 22.68 கிலோ என 700 அட்டைப்பெட்டிகள். நிகர எடை 15,876 கிலோ. இதை அப்படியே காற்புள்ளியோடு எழுதினால் ரஷ்யர் கண்ணுக்கு அது பதினாறு கிலோகூட இல்லை. அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. `15 876,00 кг` என்று இடைவெளி விட்டு எழுத வேண்டும். 1,22,500.00 டாலர் என்று நம்மூர் லட்சக் கணக்கில் இருப்பது `122 500,00` ஆகும்.

முந்திரி விலையைப் பவுண்டுக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். 50 பவுண்டுப் பெட்டிதான் 22.68 கிலோ என்று முழுமையாக்கப்பட்டிருக்கிறது. 700 பெட்டிக்கு இன்வாய்ஸில் இருக்கும் 35,000 பவுண்டை மொழிபெயர்ப்பவர் தானே கிலோவாக்கினால் 15,875.73 வரும்; பேக்கிங் லிஸ்ட்டோடு கால் கிலோ உதைக்கும். கணக்குப் போடுவது நம் வேலையில்லை. கிலோ எண்ணிக்கை தேவையென்றால் ஏற்றுமதியாளரே இன்வாய்ஸைத் திருத்தித் தரட்டும்.

பொருள் குறியீட்டிலும் இதே கதைதான். இந்தியாவில் முழு முந்திரிப் பருப்புக்கு 08013220, எட்டு இலக்கம். ரஷ்யப் பட்டியலில் 0801 32 000 0, பத்து இலக்கம். முதல் ஆறு மட்டுமே உலகப் பொது. இன்வாய்ஸில் இருக்கும் எட்டு இலக்கத்தை மாற்றாமல் விட்டு, அது இந்தியப் பட்டியலின் எண் என்று தெரிய முன்னால் `код ITC (HS)` என்று போடுங்கள். ரஷ்யப் பட்டியலின் பெயரான `код ТН ВЭД` என்று எழுதினால், அந்தப் பட்டியலில் இல்லாத எண்ணைக் கொடுத்ததாகிவிடும். பத்து இலக்கத்தை அறிவிப்புப் படிவத்தில் எழுதுவது அங்குள்ள சுங்க முகவரின் பொறுப்பு.

நிறுவன விவரத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு. நம்மூர் பிரைவேட் லிமிடெட்டை ரஷ்ய நிறுவன வகையான `ООО` ஆக்க வேண்டாம். பெயரை லத்தீன் எழுத்திலேயே விடுங்கள். கடலூரில் ஆலையும் புதுச்சேரியில் அலுவலகமும் இருந்தால் 33, 34 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்கள் இரண்டு இருக்கும். இன்வாய்ஸில் உள்ளதற்குரிய முகவரியே வர வேண்டும். வாங்குபவர் பெயரோ ரஷ்ய நிறுவனப் பதிவில் உள்ள சிரிலிக் எழுத்துப்படியே திரும்ப வர வேண்டும். அவரது பத்து இலக்க வரி எண்ணான `ИНН`-ஐ egrul.nalog.ru தளத்தில் போட்டால் சரியான எழுத்து கிடைக்கும்.

கண்ணுக்குப் படாத ஒரு பிழை உண்டு. கன்டெய்னர் எண்ணை ரஷ்ய விசைப்பலகையில் தட்டினால் C, H, O போன்றவை சிரிலிக்காக விழும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு எழுத்து. பில் ஆஃப் லேடிங்கில் இருந்து எண்ணை நகலெடுத்து மொழிபெயர்ப்புக் கோப்பில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அழித்துவிட்டு அந்த நகலையே ஒட்டுங்கள்.