கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

"கண்ணை இந்தப் பக்கம் திருப்பினால் மண்டைக்குள் விர்ரென்று கரண்ட் அடிக்கிறது. தரை படகு மாதிரி ஆடுகிறது." இப்படி ஒருவர் சொன்னால் நம் ஊரில் அவருக்குப் பித்தம் என்பார்கள், பிரஷர் என்பார்கள், கொஞ்சம் போனால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுக்க அனுப்புவார்கள். அவர் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: கடைசி மாத்திரையை எப்போது போட்டீர்கள்? பலர் வீட்டுக்குக்கூடத் தெரியாமல்தான் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி அநேகமாக எழுவதே இல்லை.

ஒரு ஆசிரியையை வைத்துப் பார்க்கலாம். ஆள் கற்பனை, கணக்கு நிஜம். சென்னையில் இருக்கிறார். பேனிக் அட்டாக் வந்து அவதிப்பட்டவர். எட்டு மாதமாக இரவு 9 மணிக்கு பராக்ஸெட்டின் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். புதன்கிழமை இரவு வழக்கம்போல மாத்திரை போட்டார். வியாழன் காலை தங்கை கல்யாணத்துக்காக மதுரைக்கு ரயில் ஏறினார். மாத்திரை அட்டை வீட்டு மேசையிலேயே இருந்துவிட்டது. இரண்டு நாள்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ரத்தத்தில் இருக்கும் பராக்ஸெட்டின் பாதியாகக் குறைய சராசரியாக 21 மணி நேரம் ஆகும். இதை அரை ஆயுள் என்பார்கள். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும், நாம் சராசரியை எடுத்துக்கொள்வோம். புதன் இரவு 9 மணி அளவு வியாழன் மாலை 6 மணிக்குப் பாதியாகிறது. இது தினமும் நடப்பதுதான். மூன்று மணி நேரத்தில் அடுத்த மாத்திரை வந்து மேலே ஏற்றிவிடும். ஆனால் அன்று ஏற்ற ஆளில்லை. வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு அது கால்வாசி. சனி நண்பகலில் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் வியாழன் முழுக்க அவருக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளி இரவு தாறுமாறாகக் கனவுகள். சனிக்கிழமை மதியம், யாரோ கூப்பிட, பந்தியிலிருந்து சட்டென்று திரும்பியபோது முதல் ஷாக்.

பராக்ஸெட்டினுக்கு இன்னொரு குணம் உண்டு. தன்னை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைத் தானே முடக்கி வைத்திருக்கும். மருந்தின் அளவு குறையக் குறைய அந்த முடக்கமும் தளரும், நொதி வேகமெடுக்கும். எனவே மேலே போட்ட கணக்கைவிட வேகமாகவே அளவு சரியலாம்.

சரி, மருந்து குறைந்தால் மண்டைக்குள் ஏன் ஷாக் அடிக்க வேண்டும்? மூளையில் ஒரு நரம்பு செல் செரட்டோனினை வெளியே விடும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த உறிஞ்சும் வாயை அடைக்கின்றன. வெளியே செரட்டோனின் கூடுதலாகத் தங்குகிறது. சில வாரங்களில் மூளை அதற்குப் பழகி, செரட்டோனினை உணரும் ஏற்பிகளின் கூர்மையைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. இந்த நிலையில் மருந்து திடீரென்று விலகினால் செரட்டோனின் பழைய அளவுக்கு இறங்கிவிடும், ஏற்பிகளோ இன்னும் மந்தமாகவே இருக்கும். அவை பழைய நிலைக்குத் திரும்ப நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் கோளாறு. உடல் நிலைதடுமாறாமல் பார்த்துக்கொள்ளும், கண் அசைவைத் தலை அசைவோடு ஒத்துப்போக வைக்கும் மூளைத்தண்டுப் பகுதிக்கும் செரட்டோனின் நரம்பிழைகள் போகின்றன. தலைசுற்றலுக்கு அது காரணமாக இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஷாக்குக்கான துல்லியமான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் பக்கவாட்டில் கண்ணைத் திருப்பும்போது அது கிளம்புகிறது என்று நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'பிரெய்ன் ஸாப்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இனி ஆசிரியையின் உண்மையான பயத்துக்கு வருவோம். சனி மாலை அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை முட்டுகிறது, தங்கையிடம் எரிந்து விழுகிறார். "போச்சு, பழையபடி வந்துவிட்டது" என்று முடிவுகட்டுகிறார். அப்படி நினைப்பதில் தப்பில்லை, ஏனென்றால் பதற்றம் இரண்டு பக்கத்திலும் இருக்கும். பதற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது மருந்து விட்டதால் வந்ததா, நோய் திரும்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனோடு கூட என்ன வருகிறது, எப்போது வந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

எட்டு மாதம் முன்பு அவருக்கு வந்த பேனிக் அட்டாக் எப்படி இருந்தது? லிஃப்டிலோ கூட்டத்திலோ திடீரென்று மூச்சு முட்டும், சாகப்போகிறோம் என்ற பயம் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். அப்போது கண்ணைத் திருப்பினால் ஷாக் அடித்ததா? இல்லை. நாள் முழுக்கத் தரை ஆடியதா, குமட்டியதா, ஜுரம் வருவதுபோல உடம்பு வலித்ததா? இல்லை. பழைய நோயில் ஒருபோதும் இல்லாத ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றால், அதுவும் மருந்து நின்ற இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருக்கிறது என்றால், சந்தேகம் மருந்தின் பக்கம் வலுவாகச் சாய வேண்டும். நோய் திரும்புவது பொதுவாக இப்படி மணிக்கணக்கில் நடப்பதில்லை. முதலில் தூக்கம் கெடும், லிஃப்டைத் தவிர்க்கத் தோன்றும், கவலைகள் பழைய பாதையிலேயே ஓடும். வாரங்களில், மாதங்களில் மெல்ல ஏறும். ஷாக் அதன் பட்டியலில் இல்லை.

மூன்றாவது தடயம் மாத்திரையை மறுபடி தொடங்கும்போது கிடைக்கிறது. ஆசிரியை தன் டாக்டருக்குப் போன் செய்தார். விட்டதற்கும் சேர்த்து இரண்டு மூன்றாகப் போட வேண்டாம், இன்றைய ஒரு மாத்திரையை மட்டும் போடுங்கள் என்றார் அவர். போனில் இருந்த சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி சனி இரவு 9 மணிக்குப் போட்டார். ஞாயிறு மதியத்துக்குள் ஷாக் குறைந்தது, திங்கட்கிழமை தரை நின்றுவிட்டது, படபடப்பும் அதோடு போனது. உண்மையாகவே நோய் திரும்பியிருந்தால் இந்த மாத்திரை அதைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். ஓரிரு நாளில் அடங்கியது என்பதே இது எது என்று காட்டிக்கொடுத்துவிட்டது.

இதெல்லாம் மனப்பிரமை என்று சொல்கிறவர்கள் உண்டு. 1998-இல் ரோசன்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மருந்து சாப்பிட்டு நலமாக இருந்தவர்களுக்கு அவர்கள் அறியாமலே ஐந்து முதல் எட்டு நாள் வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. பராக்ஸெட்டின் சாப்பிட்டவர்களில் பலர் தடுமாறினார்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. எதிர்பார்ப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்பார்ப்பு மட்டும்தான் காரணம் என்றால் இரண்டு மருந்துக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது.

வித்தியாசம் அரை ஆயுளில் இருக்கிறது. ஃப்ளூவாக்ஸெட்டின் உடலில் மாறி உருவாகும் பொருளின் அரை ஆயுள் ஒரு வாரத்துக்கும் மேல் போகலாம். மூன்று நாள் மறந்தாலும் அது தானாகவே மெல்ல இறங்கும். எதிர் முனையில் வென்லாஃபாக்ஸின். அதன் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம், அது மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11. காலை மாத்திரையை மறந்தவருக்கு அன்று மாலையே தலை கிறுகிறுக்கக்கூடும். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் எஸ்சிட்டலோபிராமும் செர்ட்ராலினும் ஒரு நாளை ஒட்டிய அரை ஆயுள் கொண்டவை. அவற்றில் ஒரு நாள் தவறினால் பெரும்பாலோருக்குத் தெரியாது, இரண்டு மூன்று நாள் தவறினால் தெரியலாம்.

இதே காரணத்தால் "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு நிறுத்திவிடலாம்" என்ற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் அது மெல்லக் குறைப்பது ஆகாது, ஒரு நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி நிறுத்துவதாகும். தினமும் சாப்பிட்டபடி அளவைக் குறைப்பதுதான் முறை. அதையும் டாக்டர்தான் வகுக்க வேண்டும்.

இந்த அடையாளங்கள் சறுக்கும் இடங்களும் உண்டு. ஃப்ளூவாக்ஸெட்டினில் தொல்லை வருவதென்றால் நிறுத்திச் சில வாரம் கழித்துத்தான் வரும். அப்போது நாள்கணக்கு ஏமாற்றிவிடும். வருடக்கணக்கில் சாப்பிட்டு நிறுத்திய சிலருக்கு மருந்து விலகியதால் வரும் தொல்லை வாரங்களையும் மாதங்களையும் தாண்டி நீள்கிறது. அதே சமயத்தில் நோயும் திரும்பலாம், ஒன்றின் மேல் ஒன்றாக. அந்த நிலையில் ஷாக்கும் தலைசுற்றலும் இருக்கின்றனவா, பதற்றம் அலையலையாக வந்து போகிறதா, நாளுக்கு நாள் சீராக ஏறுகிறதா என்பதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால்தான் டாக்டருக்கே வழி தெரியும்.

தலைசுற்றல் எல்லாமே மாத்திரையால் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. படுக்கையில் புரண்டால் மட்டும் அறையே சுழன்று அரை நிமிடத்தில் நின்றால் அது காதின் உட்பகுதிச் சிக்கலாக இருக்கக்கூடும். ஷாக் அடிக்கும்போது நினைவு தப்புவதில்லை. நினைவு தப்பினாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, வாய் குழறினாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ மாத்திரைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். உயிரை விடத் தோன்றினால், காரணம் மருந்தா நோயா என்று பிரித்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

ஆசிரியை சென்னை திரும்பியதும் ஒரு அட்டை மாத்திரையைக் கைப்பையிலேயே போட்டுவைத்தார். மாதக் கடைசியில் டாக்டரைப் பார்த்தபோது அவர் குறித்துக்கொண்டது ஒரே வரி: புதன் இரவு 9 மணி கடைசி, சனி மதியம் ஷாக், சனி இரவு மாத்திரை, திங்கள் சரி. மாத்திரை அளவை அவர் கூட்டவில்லை.