மார்க் லிஸ்ட் போட்டோவில் இருந்து பர்சென்டைல் கணக்கிடுவது எப்படி?

ஜேஇஇ மெயின் ரிசல்ட்டில் 83 என்று இருந்தால் அது 83 சதவீத மார்க் இல்லை, பர்சென்டைல். தேர்வை நடத்தும் என்டிஏவின் விதி இதுதான்: ஒரு ஷிப்டில் தேர்வு எழுதியவர்களில் உங்கள் மார்க்கோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அதை அந்த ஷிப்டில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். நீங்களும் அந்த எண்ணிக்கையில் உண்டு, அதனால்தான் ஷிப்டில் முதலிடம் வந்தவருக்கு 300-க்கு 300 வராவிட்டாலும் பர்சென்டைல் 100 கிடைக்கிறது.

இதே கணக்கை கோச்சிங் சென்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மார்க் லிஸ்ட் போட்டோவிலும் போட்டுப் பார்க்கலாம். 300 மார்க் மாதிரித் தேர்வு, அதிக மார்க்கில் இருந்து இறங்கும் வரிசை, மொத்தம் 40 பெயர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் 156, அதாவது 52 சதவீதம். லிஸ்டில் அவளுடைய வரிசை எண் 9.

9-ஐ அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். 7, 8, 9 மூன்று வரியிலும் 156 தான் இருக்கிறது, பெயர் அகரவரிசையால் அவள் கடைசியில் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளைவிட அதிகம் எடுத்தவர்கள் 6 பேர் மட்டுமே. அப்புறம் லிஸ்டின் அடியைப் பாருங்கள்: கடைசி 4 பேருக்கு மார்க் இடத்தில் 'ஆப்சென்ட்' என்று இருக்கிறது. எழுதாதவர்களைச் சேர்க்கக் கூடாது, ஆக எழுதியவர்கள் 36, அதில் 6 போனால் 30.

30 ÷ 36 × 100 = 83.33

வராத நால்வரையும் சேர்த்திருந்தால் 34-ஐ 40-ஆல் வகுத்து 85 என்று வந்திருக்கும். போட்டோவில் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தால் கணக்கே போடாதீர்கள், முழு லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் தனக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் எண்ணுவார்கள், அப்படிப் பார்த்தால் இவளுக்கு 27 ÷ 36, அதாவது 75. எந்த முறை என்று கேட்காமல் இரண்டு சென்டரின் பர்சென்டைலை ஒப்பிடுவதில் பயனில்லை.

நீட்டில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. பொதுப் பிரிவுக்குத் தகுதி 50-ஆவது பர்சென்டைல் என்றதும் 720-க்கு 360 வேண்டும் என்று நினைத்துப் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். 2023-இல் அந்த 50-ஆவது பர்சென்டைல் நின்ற இடம் 137 மார்க், சதவீதத்தில் சுமார் 19. ஆனால் அது கவுன்சிலிங்குக்குத் தகுதி மட்டுமே, அரசு எம்பிபிஎஸ் சீட்டுக்கு அந்த மார்க் எட்டவே எட்டாது.

இன்னொன்று, 36 பேர் லிஸ்டில் ஒரே ஒருவர் முந்தினாலே கிட்டத்தட்ட 2.8 குறைந்துவிடும், அதனால் இந்த 83.33-ஐ வைத்து மெயினில் என்ன வரும் என்று கணிக்க முடியாது.