ஆபீஸ் குழுவில் உங்கள் முகம்: கேலி எப்போது புகாராகும்?

டீம் அவுட்டிங்கில் கொட்டாவி விட்ட ஒரு பெண் ஊழியரின் முகத்தை ஸ்டிக்கராக்கி, "திங்கட்கிழமை மீட்டிங்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அவரும் சிரித்துவிட்டு அதே ஸ்டிக்கரைத் திருப்பி அனுப்புகிறார். சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. அப்புறம் மார்ச் 4-ஆம் தேதி, ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி ஒரு நடிகையின் கவர்ச்சிப் படத்தில் ஒட்டுகிறார்கள். பக்கத்தில் மேனேஜர் படம், கீழே "இன்க்ரிமெண்ட் ரகசியம்". அவர் "இது வேண்டாம்" என்று எழுதுகிறார். ஜூன் 10-ஆம் தேதி அதே பாணியில் இன்னொன்று வருகிறது.

கற்பனை உதாரணம்தான். ஆனால் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது போஷ் சட்டம், நுழையும் இடம் இதுதான். அது பார்ப்பது இரண்டு விஷயங்களை: செயலில் பாலியல் தன்மை இருக்கிறதா, அந்தப் பெண் அதை விரும்பவில்லையா? "சும்மா தமாஷுக்குத்தான்" என்பதால் மட்டும் தப்ப முடியாது. வேண்டாம் என்று அவர் எழுதியிருப்பது நல்ல சான்று. எழுதாமல் இருந்தாலும் சம்மதம் என்று ஆகிவிடாது. மேனேஜரும் இருக்கும் குழுவில் யார்தான் வாய் திறப்பார்கள்?

நிறத்தையோ பருமனையோ மட்டும் கேலி செய்யும் படம், எவ்வளவு வலித்தாலும், பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு நிறுவனத்தின் நடத்தை விதிகளைத்தான் பிடிக்க வேண்டும். ஆண் ஊழியர்களும் இந்தச் சட்டத்தில் புகார் தர முடியாது. இது ஒரு குறைதான்.

புகாரை எழுத்தில், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் தர வேண்டும். தொடர் சம்பவம் என்றால் கடைசியிலிருந்து கணக்கு. நம் உதாரணத்தில் மார்ச் படத்துக்கும் சேர்த்து செப்டம்பர் 10 வரை நேரம் உண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் 3 மாதம் தரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு.

படத்தை மட்டும் சேமித்தால் போதாது. அனுப்பியவர் பெயர், தேதி, நேரம், குழுவின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உடனே. விஷயம் பெரிதானதும் பலரும் முதலில் தேடுவது "எல்லோருக்கும் நீக்கு" பட்டனைத்தான்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, 3 மாதம் வரை கூடுதல் விடுப்போ எழுதிக் கேட்கலாம். புகார் தந்த பெண் விரும்பினால் மட்டுமே சமரசம், அதுவும் பணம் வாங்கிக்கொண்டு அல்ல. நிரூபிக்க முடியாமல் போனால் நம் மீதே திருப்புவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகாரைப் பொய் என்று தண்டிக்க முடியாது. கெட்ட நோக்கம் இருந்தது என்று தனியே விசாரித்து நிறுவ வேண்டும்.