பரேட்டோ பரவல்: கனத்த வாலும் முடிவிலிச் சராசரியும்

பரேட்டோ என்பது ஆளின் பெயர். வில்ஃப்ரெடோ பரேட்டோ 1848இல் பாரிஸில் பிறந்த இத்தாலியர். பொறியியல் படித்து இரயில்வேயில் வேலை பார்த்தவர், பிறகு பொருளியலுக்கு வந்து 1893இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இத்தாலிய மொழியில் அந்தப் பெயரின் ஒலி பல்லில் நா படும் தகரம். ஆகவே ‘பரேத்தோ’ என்று எழுதினால்தான் மூலத்துக்கு நெருக்கம். ஆங்கிலத்தின் வழியே வந்ததால் ‘பரேட்டோ’ நிலைத்துவிட்டது. அதை மாற்றப் போராடுவதில் பயனில்லை.

‘பரவல்’ என்ற பாதியில்தான் கவனம் வேண்டும். 1896இல் பரேட்டோ எழுதிய கட்டுரை செல்வத்தின் பங்கீட்டைப் பற்றியது: யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்ற கேள்வி. ஆங்கிலத்தில் பங்கீட்டுக்கும் நிகழ்தகவுப் பரவலுக்கும் ஒரே சொல் இருப்பதால் இரண்டும் அங்கே கலந்துவிட்டன. தமிழில் இரண்டு சொற்கள் தனித்தனியே உள்ளன. இன்று நாம் பேசுவது ஒரு மாறியின் மதிப்புகள் எங்கெங்கே எவ்வளவு அடர்த்தியாகப் பரவிக் கிடக்கின்றன என்பதைப் பற்றி. எனவே ‘பரேட்டோ பரவல்’ சரி, ‘பரேட்டோ பங்கீடு’ தவறு. இலங்கைப் பாடநூல்கள் ‘பரம்பல்’ என்கின்றன, அதுவும் இதே பொருள்தான்.

பரேட்டோ செய்தது எளிய வேலை. வருமான வரிப் பதிவுகளை எடுத்து, x என்ற வருமானத்துக்கு மேலே பெறுவோர் எத்தனை பேர் என்று எண்ணினார். இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்து வரைந்தபோது புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தன. கோட்டின் சரிவு 1.5ஐ ஒட்டி இருந்தது. அந்தக் கோட்டையே இன்று இப்படி எழுதுகிறோம்:

```
P(X > x) = (m / x)^α ,   x ≥ m
```

இதில் m என்பது மிகச்சிறிய மதிப்பு, பரவல் தொடங்கும் இடம். α (ஆல்ஃபா) என்பது வால் அடுக்கு. இந்த ஒற்றை எண்ணில்தான் சராசரி உண்டா, பரவற்படி உண்டா என்ற முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

வால் என்றால் பரவலின் கடைசிப் பக்கம், அரிதாக வரும் பெரிய மதிப்புகள் கிடக்கும் பகுதி. அது எவ்வளவு கனமானது என்று பார்க்க ஒரு சோதனை: ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே தாண்டப்படும் மதிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை இரட்டிப்பாக்குங்கள். படிக்குறிப் பரவலில் அந்த இரட்டிப்பு மதிப்பைத் தாண்டும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று, ஏனென்றால் அங்கே இரட்டிப்பு வாய்ப்பை வர்க்கமாக்கிவிடுகிறது. பரேட்டோ பரவலில் α = 1.5 என்றால் வாய்ப்பு 2828இல் ஒன்று. எங்கே நின்று இரட்டிப்பாக்கினாலும் வாய்ப்பு அதே 2.83 மடங்குதான் குறையும், அதற்கு மேல் குறையாது. வால் மெலிவதற்கு அவசரமே படாது.

‘கனத்த வால்’ என்று சொல்வது இதைத்தான். கணிதத்தில் அதன் வரையறை, எந்தப் படிக்குறிப் பரவலின் வாலையும்விட மெதுவாக இறங்குவது. ‘நீண்ட வால்’ என்று சிலர் எழுதுவது குழப்பம் தரும். இயல்நிலைப் பரவலின் வாலும் முடிவில்லாமல் நீள்கிறது, ஆனால் அதில் கனம் இல்லை. இன்னொன்று: வால் கனத்தாலே சராசரி முடிவிலி ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். மடக்கை இயல்நிலைப் பரவலுக்கும் கனத்த வால்தான். ஆனால் அதன் சராசரி, பரவற்படி எல்லாம் முடிவுள்ளவை.

முடிவிலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காண m = 1 என்று வைத்து, எண்கோட்டை இரட்டிப்பு அறைகளாகப் பிரிப்போம்: 1 முதல் 2 வரை ஓர் அறை, 2 முதல் 4 வரை அடுத்தது, 4 முதல் 8 வரை அதற்கடுத்தது. சராசரிக்கு ஒவ்வோர் அறையும் தன் பங்கைத் தரும். ஓர் அறையிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது மதிப்புகள் இரண்டு மடங்காகின்றன, அங்கே விழும் வாய்ப்பு 2^α மடங்கு குறைகிறது. ஆகவே பங்கு 2^(1−α) மடங்கு மாறுகிறது.

α = 1.5 என்றால் முதல் அறையின் பங்கு 0.879, அடுத்தது 0.621, பிறகு 0.439, 0.311. ஒவ்வொன்றும் முந்தையதன் 0.707 மடங்கு. எல்லா அறைகளையும் கூட்டினால் சரியாக 3 வரும். பொதுச் சூத்திரம் αm/(α−1). இப்போது α = 1 என்று வையுங்கள். மதிப்பு இரட்டிப்பு, வாய்ப்பு பாதி. ஒவ்வோர் அறையும் அதே 0.693ஐத் தருகிறது. அறைகளுக்கு முடிவில்லை, எனவே கூட்டலுக்கும் முடிவில்லை. α இன்னும் குறைந்தால் தொலைவிலுள்ள அறை அருகிலுள்ளதைவிட அதிகம் தரும். α ≤ 1 என்றால் சராசரி முடிவிலி என்பதன் காரணம் இவ்வளவுதான்.

பரவற்படிக்கும் இதே கணக்கு, மதிப்பின் வர்க்கத்தோடு. வர்க்கம் நான்கு மடங்காகும், வாய்ப்பு 2^α மடங்கு குறையும், ஆகவே எல்லை α = 2. மேலே பார்த்த 1.5இல் சராசரியின் பங்குகள் சுருங்கின. வர்க்கத்தின் பங்குகளோ 1.243, 1.757, 2.485 என்று ஒவ்வோர் அறைக்கும் 1.414 மடங்கு வளர்கின்றன. சராசரி 3, பரவற்படி முடிவிலி, இரண்டும் ஒரே பரவலில் ஒன்றாக இருக்கின்றன.

இங்கே சொல் பிசகக் கூடாது. ‘சராசரி இல்லை’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பரேட்டோ மாறி எப்போதும் மிகை எண், எனவே α ≤ 1இல் அதன் கணித எதிர்பார்த்தல் தெளிவாகவே முடிவிலி. காஷி பரவலில் மிகைப் பக்கமும் குறைப் பக்கமும் தனித்தனியே முடிவிலி ஆகி ஒன்றையொன்று கழிக்க முடியாமல் நிற்கும். ‘வரையறையற்றது’ என்ற சொல் அங்கே பொருந்தும். அதேபோல α ≤ 1 என்றால் பரவற்படியை ‘முடிவிலி’ என்பதைவிட ‘வரையறையற்றது’ என்பதே சரி, ஏனென்றால் விலக்கத்தை எந்தச் சராசரியிலிருந்து அளப்பது? முடிவிலிப் பரவற்படி என்பது 1 < α ≤ 2 என்ற இடைவெளிக்கு உரியது.

கையில் உள்ள தரவில் எந்த மதிப்பும் முடிவிலி இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். எத்தனை மதிப்புகளை எடுத்தாலும் மாதிரிச் சராசரி ஒரு சாதாரண எண்ணாகவே வரும். ஆனால் α = 1 என்றால் அந்த எண் ஏறக்குறைய ln n அளவில் ஏறிக்கொண்டே போகும். ஆயிரம் மதிப்புகளுக்கு 7ஐ ஒட்டி, பத்து லட்சத்துக்கு 14ஐ ஒட்டி. அது பரவலைப் பற்றிச் சொல்வதைவிட நீங்கள் எத்தனை எடுத்தீர்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. நடுவில் ஒரு பெரிய மதிப்பு விழுந்தால் எண் ஒரே தாவாகத் தாவும், பிறகு மெல்ல இறங்கும், மறுபடி தாவும்.

பரவற்படி முடிவிலியாகும்போது தொல்லை இன்னும் மறைவானது. α = 1.5இல் மாதிரிச் சராசரி 3ஐ நோக்கிப் போகத்தான் செய்யும், ஆனால் பிழை குறையும் வேகம் n^(−1/3). வழக்கமான பரவலில் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு தரவு போதும், இங்கே எட்டு மடங்கு வேண்டும். மேலே உள்ள 20 சதவீதம் பேரிடம் 80 சதவீதச் செல்வம் என்னும் 80/20 விகிதம் பரேட்டோ பரவலில் துல்லியமாக அமைய α = 1.161 இருக்க வேண்டும். அங்கே பிழையைப் பாதியாக்க ஏறத்தாழ 150 மடங்கு தரவு தேவை. அந்த விகிதத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே திட்ட விலக்கத்தைக் கணக்கிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மென்பொருள் ஓர் எண்ணைத் தரும், ஆனால் அது மதிப்பிடுவதற்கு அங்கே முடிவுள்ள ஒன்று கிடையாது.

α-வை அறிய பலர் தரவின் நிகழ்வெண் செவ்வகப்படத்தில் மடக்கை எடுத்துக் கோடு பொருத்துகிறார்கள். வாலில் செவ்வகங்கள் காலியாகக் கிடப்பதால் கோடு எப்படியும் சாயும். 1975இல் புள்ளியியலாளர் ஹில் தந்த மதிப்பீடு நல்லது: ஒரு வாசல் மதிப்புக்கு மேலுள்ள k மதிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வாசலால் வகுத்து மடக்கை (ln) கண்டு கூட்டி, k-ஐ அந்தக் கூடுதலால் வகுக்க வேண்டும். வாசல் 10, அதற்கு மேலே 12, 15, 20, 32, 80 என்று ஐந்து மதிப்புகள் என்போம். மடக்கைகள் 0.182, 0.405, 0.693, 1.163, 2.079. கூடுதல் 4.52, எனவே α-வின் மதிப்பீடு 1.11.

1ஐ விட அதிகம், ஆகவே சராசரி முடிவுள்ளது என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்த மதிப்பீட்டின் திட்டப் பிழை α/√k, அதாவது 0.49. நானூறு மதிப்புகளிலிருந்து இதே 1.11 கிடைத்திருந்தாலும் திட்டப் பிழை 0.055, இரு பக்கமும் இரண்டு திட்டப் பிழை விட்டால் கீழ் எல்லை சரியாக 1ஐத் தொடுகிறது. வாசலை மாற்றினால் மதிப்பீடும் மாறும், ஆகவே பல வாசல்களுக்குக் கணக்கிட்டு, எண் நிலையாக நிற்கும் பகுதியைத் தேட வேண்டும்.

கணினியில் மாதிரி எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. NumPy தரும் `pareto` உண்மையில் 0இல் தொடங்கும் லோமாக்ஸ் வடிவம். 1ஐக் கூட்டாமல் விட்டால் சராசரி உட்பட எல்லாம் தவறும்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
a, m, n = 1.5, 1.0, 1_000_000
x = (rng.pareto(a, n) + 1) * m
print(x.mean(), x.max() / x.sum())
```

கடைசி எண், மிகப்பெரிய மதிப்பு ஒன்று மட்டும் மொத்தத்தில் வகிக்கும் பங்கு. n-ஐக் கூட்டக் கூட்ட அது 0ஐ நோக்கிப் போனால் சராசரி முடிவுள்ளது. எத்தனை லட்சம் எடுத்தாலும் கீழே இறங்காமல் அலைந்தால் α 1க்குக் கீழே இருப்பதாகச் சந்தேகிக்கலாம். x-க்குப் பதில் x² வைத்துப் பார்த்தால் பரவற்படிக்கும் இதே சோதனை.

உண்மை உலகில் எதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, எனவே முடிவிலி வெறும் ஏட்டுக் கணக்கு என்பது வழக்கமான மறுப்பு. வரம்பு போட்டால் சராசரி முடிவுள்ளதாகிவிடும் என்பது சரி. ஆனால் அதைத் தீர்மானிப்பது அந்த வரம்புதான். α = 0.5, m = 1 என்ற பரவலை H-இல் வெட்டினால் சராசரி √H. வரம்பை 10,000 என்று வைத்தால் சராசரி 100, பத்து லட்சம் என்று வைத்தால் 1000. இடைநிலை அளவோ இரண்டிலும் 4ஐ ஒட்டியே நிற்கிறது.