சமையலறையைப் பெரிதாகக் காட்டியதால் விலை போகாமல் இருந்த வீடு

நங்கநல்லூரில் இரண்டாம் மாடியில் இருந்த இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை மறுவிற்பனைக்கு எடுத்தபோது, உரிமையாளர் தாமே கைப்பேசியில் எடுத்த 22 படங்களை என்னிடம் தந்தார். அவற்றை அப்படியே பதிவேற்றியது என் தவறு. முதல் மூன்று வாரங்களில் ஒன்பது குடும்பத்தினர் நேரில் வந்து பார்த்தனர். அவர்களில் ஆறு குடும்பத்தினர் சமையலறை வாசலோடு திரும்பிவிட்டனர். எட்டுக்கு ஏழு அடியே உள்ள அந்த அறையைக் கைப்பேசியின் 0.5 மடங்கு அகலக் கோணத்தில் எடுத்திருந்ததால், படத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. எதிர்பார்ப்பு பெரிதாகிவிட்ட பின், குறையில்லாத அந்தச் சமையலறை அவர்களுக்கு ஏமாற்றமாகவே பட்டது.

அகலக் கோணம் ஏமாற்றுகிறதா என்பதைப் படத்தின் ஓரங்களே சொல்லிவிடும். ஓரத்தில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்திருக்கும். மூலையிலுள்ள தரை ஓடுகள் நடுவிலுள்ளவற்றைவிட நீண்டு தெரியும். சாதாரண 1 மடங்கு லென்சில் அறை முழுவதும் அடங்காவிட்டால், வாசலுக்கு வெளியே ஓரடி பின்வாங்கி எடுப்பதும், ஒரே அறைக்கு இரண்டு படங்கள் வைப்பதும் நேர்மையான வழிகள். இங்கே தரை ஓடுகள் நமக்குப் பெரிய துணை. இரண்டடிக்கு இரண்டடி ஓடு பதித்த அறையில் தரை தெளிவாகத் தெரியுமாறு எடுத்தால், வாங்குபவர் ஓடுகளை எண்ணியே அறையின் நீளத்தைக் கணக்கிட்டுக்கொள்வார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே கால்மிதிகளையும் விரிப்புகளையும் முதலில் அகற்றச் சொல்கிறேன்.

மறுபடி எடுக்கும் முன், வீட்டைச் சுற்றி நடந்து ஒரு படப்பட்டியலைத் தாளில் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் அறை, நிற்க வேண்டிய மூலை, எடுக்க வேண்டிய நேரம், அந்தப் படம் விடை சொல்ல வேண்டிய கேள்வி என நான்கு விவரங்கள் இருந்தன. கேள்வி இல்லாத வரிகளை அடித்துவிட்டதில் 22 படங்கள் 14 ஆகக் குறைந்தன. ஒரே படுக்கையறையின் நான்கு படங்கள் போயின. அதுவரை யாரும் எடுத்திராத துணி துவைக்கும் இடம், கார் நிறுத்துமிடம், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை புதிதாகச் சேர்ந்தன.

நேரத்தை எழுதுவதன் பயன் அன்று தெளிவாகத் தெரிந்தது. ஹாலின் பால்கனி கிழக்கு நோக்கியது. காலை எட்டு மணிக்கு வெயில் நேராகத் தரையில் விழுந்து, கண்ணாடிக் கதவு வெறும் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் இருட்டாகவும் தெரியும். எனவே மேற்குப் படுக்கையறையை ஒன்பதரை மணிக்கும், சமையலறையை அதன் பிறகும், ஹாலை வெயில் மேலேறிய பதினொன்றரை மணிக்கும் எடுத்தோம். சன்னல் வெளிச்சம் போதுமான அறைகளில் குழல் விளக்கை அணைத்துவிட்டோம். இரண்டு வெளிச்சங்களும் கலந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். கைப்பேசியை நான்கடி உயரத்தில், மேலோ கீழோ சாய்க்காமல் பிடித்தால் கதவு நிலைகள் செங்குத்தாக நிற்கும். சமையலறையில் மட்டும் மேடையின் மேற்பரப்பு தெரிய ஐந்தடிக்கு உயர்த்தினோம். குடும்பப் படங்கள், மருந்துச் சீட்டுகள், வண்டியின் எண் பலகை ஆகியவை எந்தப் படத்திலும் வராமல் பார்த்துக்கொண்டோம்.

எடுத்த வரிசை வேறு, வைக்கும் வரிசை வேறு. முன்பு முதலிடத்தில் இருந்தது மின்கம்பம் மறைத்த கட்டட முகப்பு. இப்போது ஹாலின் உள் மூலையிலிருந்து பால்கனியை நோக்கிய படத்தை முதலில் வைத்து, அடுத்து வாசலிலிருந்து உள்ளே நடப்பவர் காணும் வரிசையிலேயே மற்றவற்றை அடுக்கினேன்.

படக்குறிப்பு, படம் காட்ட முடியாததைச் சொல்ல வேண்டும். "விசாலமான, காற்றோட்டமான ஹால்" என்ற பழைய குறிப்பை "ஹால் 18க்கு 11 அடி, எதிரே கிழக்குப் பால்கனி, இடக் கதவு சமையலறைக்கு" என்று மாற்றினேன். கைப்பேசித் திரையில் முதல் சில சொற்களே கண்ணில் படும் என்பதால் அளவு முன்னால் வருகிறது. சமையலறைக்கு, "8க்கு 7 அடி, கிரானைட் மேடை, புகைபோக்கி விலையில் அடக்கம், குளிர்சாதனப் பெட்டி வைக்க இடம் வெளியே ஹாலில்" என்று எழுதினேன். முகப்புப் படத்தின் கீழ், பொது இடங்களின் பங்கும் சேர்ந்த விற்பனைப் பரப்பு 860 சதுர அடி, வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பான கார்பெட் ஏரியா 640 சதுர அடி என இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டேன். ஒன்றை மட்டும் எழுதினால் நேரில் வரும்போது அதுவே தகராறாகும். தொலைவையும் "பழவந்தாங்கல் ரயில் நிலையம் ஐந்து நிமிடம்" என்று எழுதாமல், நடந்து அளந்த மீட்டர் கணக்கில் தந்தேன்.

குளியலறைக் கூரையில் ஈரக்கறை ஒன்று இருந்தது. அதைத் திருத்திப் படத்தில் அழித்துவிடலாம் என்று உரிமையாளர் கேட்டார், நான் மறுத்தேன். கறை தெரியும் படத்தையே வைத்து, "மேல் வீட்டுக் குழாய்க் கசிவு சரிசெய்யப்பட்டது, பூச்சு வேலை மட்டும் பாக்கி" என்று எழுதினோம், பழுது பார்த்த ரசீதையும் கையில் வைத்துக்கொண்டோம். அடுத்த மாதம் நான்கு குடும்பத்தினர் மட்டுமே வந்தனர். அவர்களில் ஒருவரும் சமையலறை அளவைப் பற்றிக் கேட்கவில்லை. இருவர் விலை பேசினர், அவர்களில் ஒருவர் முன்பணம் கொடுத்தார்.