ஆவணியில் எடுத்த கலியாணம், தையில் கொடுத்த அல்பம்

ஸ்டூடியோ தொடங்கிய முதல் வருடம் கொக்குவிலில் ஒரு கலியாணம் எடுத்தேன். பொம்பிளை கனடாவிலிருந்து வந்தவர், மூன்று கிழமையில் திரும்பப் போகிறார். "ஒரு மாசத்தில தந்திடுவன் அம்மா" என்று அவருடைய தாயிடம் வாய் கூசாமல் சொன்னேன். கொடுத்தது தைப்பொங்கலுக்குப் பிறகு. இடையில் அந்த அம்மா எத்தனை தரம் "தம்பி, அல்பம் எப்ப வரும்?" என்று கேட்டார் என்பதை இப்போது நினைத்தாலும் போனை எடுக்கக் கை கூசுகிறது.

புதிதாகத் தொடங்கப்போகிற தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கமரா வாங்கலாம் என்றுதான். அதற்குச் சுருக்கமான பதில் உண்டு: இரண்டு கார்ட் போடக்கூடிய கமரா இரண்டு, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. தாலி கட்டுகிற நேரம் ஒரு கார்ட் பழுதானால் மற்றதில் படம் இருக்கும், அந்த நிமிடத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பெரிய லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம், ட்ரோனும் பிறகு பார்க்கலாம், அதற்கு அனுமதியும் எடுக்க வேண்டும். ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு இப்போதே காசு ஒதுக்குங்கள். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி போகும். பொன்னுருக்கலிலிருந்து வரவேற்பு வரை இரண்டு கமராவிலும் தலா நாலு மணித்தியாலம் ஓடினால் 360 ஜிபி, அதோடு மூவாயிரம் ரோ படங்கள் 90 ஜிபி அளவில். ஒரு கலியாணத்துக்கு 450 ஜிபி. இரண்டு பிரதி வைத்தால் 900. இரண்டாவது பிரதி ஸ்டூடியோவில் இருக்கக்கூடாது, வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பிரதியும் எடுத்து முடியும் வரை கார்டை அழிக்கவே வேண்டாம்.

சரி, நான் ஏன் பிந்தினேன்? மண்டபத்தில் நிற்கிற ஒரு நாளைத்தான் வேலை என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு கலியாணத்துக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்று குறித்துப் பார்த்தேன். படம் தெரிவு செய்ய ஒரு நாள், நிறம் திருத்த இரண்டு, அல்பம் வடிவமைக்க இரண்டு, முழு வீடியோவுக்கு மூன்று, ஐந்து நிமிட ஹைலைட்டுக்கு இரண்டு, வீட்டுக்காரர் சொல்கிற திருத்தங்களுக்கு ஒன்று. மொத்தம் 11 நாள். ஆடியில் கலியாணம் இல்லை, அதனால் ஆனியிலும் ஆவணியிலும்தான் முகூர்த்தங்கள் நெருக்கும். அந்த ஆவணியில் எனக்கு ஐந்து கலியாணம். 55 நாள் வேலை, கிழமைக்கு ஐந்து நாள் இருந்து எடிட் பண்ணினாலும் 11 கிழமை. கொக்குவில் கலியாணம் வரிசையில் கடைசி. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் "கார்த்திகை முடிவில தருவன்".

கார்த்திகை எப்படித் தையானது? 1,400 படங்களின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி "அல்பத்துக்கு 120 தெரிவு செய்யுங்கோ" என்றேன். பொம்பிளை டொரண்டோவில் ஒன்றைத் தெரிவு செய்தார், தாய் இங்கே இன்னொன்றை, மாப்பிள்ளையின் அக்கா எங்கள் பக்கத்துப் படம் குறைவு என்றார். ஏழு கிழமை போனது. அந்த ஏழு கிழமையும் அவர்கள் மனதில் என் தாமதம்தான், ஏனென்றால் நான் சொன்ன ஒரு மாதத்துக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று எழுதியே வைக்கவில்லை.

இப்போது ஒப்பந்தத்தில் இரண்டு திகதிகள் எழுதுகிறேன். பயணம் போகிறவர்களுக்கு ஐந்து நாளில் முப்பது படம், அது என் பொறுப்பு. அல்பத்துக்கு இலக்கமிட்ட 400 படம் மட்டும் கொடுப்பேன், ஒரே ஒருவர்தான் தெரிவு செய்து அனுப்ப வேண்டும், அந்தப் பட்டியல் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அல்பத்தின் நாட்கள் ஓடும். காசையும் அதற்கேற்றபடி பிரித்தேன்: பாதி முற்பணம், மீதியில் பெரும்பகுதி கலியாணத்தன்று, மிச்சம் அல்பம் அச்சுக்குப் போகுமுன். முன்பு மிச்சத்தை அல்பம் கொடுக்கும்போது வாங்கினேன், தெரிவு இழுபட அந்தக் காசும் சேர்ந்து இழுபட்டது.

விலையும் இந்த 11 நாளிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கணக்குக்கு: உதவியாளர், வான், சாப்பாடு 60,000 ரூபா, அல்பம் அச்சு 55,000, ஹார்ட் டிஸ்க்குக்கு 15,000, என் 11 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 8,000 வீதம் 88,000. கூட்டினால் 218,000. இதில் கமரா தேய்மானமோ ஸ்டூடியோ வாடகையோ இன்னும் சேரவில்லை. பக்கத்து ஸ்டூடியோ 180,000 சொல்கிறது என்று நானும் அதையே சொன்னால், உதவிக்கு வந்த பொடியனுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு நான் கிட்டத்தட்ட ஐந்து நாள் சம்பளமில்லாமல் எடிட் பண்ணுகிறேன் என்று அர்த்தம். விலை குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அப்போது தொகையை மட்டும் குறைக்காமல் வேலையையும் சேர்த்துக் குறைக்கிறேன். ஹைலைட்டை எடுத்துவிட்டால் இரண்டு நாள் மிச்சம், 16,000 குறையும், அல்பமும் முன்கூட்டியே வரும். அதைக் கேட்டதும் பல வீடுகளில் ஹைலைட்டே வேண்டாம் என்றுவிடுகிறார்கள்.